மகள் போட வேண்டிய கையெழுத்து

உட்காருங்கள் சார். அந்த நாற்காலி ஆடும், இதில் உட்காருங்கள். பூங்காவில் நீங்கள் கேட்டபோதே சொன்னேன், நாம் போன பிறகு என்னென்ன செய்ய வேண்டும் என்று எழுதி வைக்கிற தாளுக்கு மாதிரி என்னிடம் இருக்கிறது, தருகிறேன் என்று. தருவதில் எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் வெறும் தாளை வாங்கிக்கொண்டு போய்ப் பெயரை மாற்றி எழுதிக்கொண்டால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். என்னுடையதே ஒரு வருஷமாக ஒரு கையெழுத்துக்காக நின்றது. மகள் கையெழுத்து. அதைச் சொல்லிவிட்டுத் தருகிறேன்.

எனக்கு இந்த யோசனை வந்ததே வேலையால்தான். நகராட்சியில் பிறப்பு இறப்புப் பதிவு. நான் வேலைக்குப் போன காலத்திலிருந்து அதே பிரிவு. பிறப்புக்கு வருகிறவர்கள் சிரித்துக்கொண்டு வருவார்கள். இறப்புக்கு வருகிறவர்கள் பாதிப்பேர் சண்டையோடு வருவார்கள். அப்பாவை எரித்தது தப்பு, புதைத்திருக்க வேண்டும் என்பான் ஒருவன். பத்திரிகை விளம்பரத்தில் மூத்த மருமகன் பெயரை ஏன் கீழே போட்டாய் என்பாள் ஒருத்தி. என் மேஜைக்கு முன்னால் நின்றுகொண்டுதான் அடித்துக்கொள்வார்கள். செத்தவர் ஒரு வார்த்தை எழுதி வைத்திருந்தால் இதெல்லாம் உண்டா? அப்படித்தான் நினைத்தேன். என் வீட்டுக்கு இந்தக் கஷ்டத்தைக் கொடுக்கக் கூடாது என்று நினைத்தேன். நல்ல எண்ணம்தானே சார்? இப்போதும் நல்ல எண்ணம் என்றுதான் நினைக்கிறேன். நினைக்கிறேனா? தெரியவில்லை. மேலே சொல்கிறேன்.

என்னுடையது மூன்று பகுதி. முதலில் இரங்கல் குறிப்பு, பத்திரிகைக்குக் கொடுப்பது. அதை நாமே எழுதிவிட வேண்டும். 'இறைவனடி சேர்ந்தார்' என்று என் பெயருக்குப் போடக் கூடாது, 'காலமானார்' போதும் என்று எழுதினேன். என்ன வேலை பார்த்தேன், எந்த வாசகர் வட்டத்தில் செயலாளர், எத்தனை முறை ரத்தம் கொடுத்தேன், எல்லாம் சுருக்கமாக. படத்தையும் நாமே தேர்ந்தெடுத்து வைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் கல்யாண ஆல்பத்தில் யாரோ ஒருவர் தோளில் கை போட்டிருக்கிற படத்தைக் கத்தரித்துப் போடுவார்கள், தோளில் ஒரு கை மட்டும் மிச்சம் இருக்கும். நிறையப் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது பகுதி, என்ன செய்யலாம், என்ன கூடாது. சங்கு வேண்டாம், மேளம் வேண்டாம், வெடி வேண்டாம். கோடித்துணி வேண்டாம். ஒப்பாரி வேண்டாம். யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம். அடுத்த நாள் காலை பத்து மணிக்குள் எடுத்துவிட வேண்டும். பதினாறாம் நாள் விசேஷம் வேண்டாம். என் மனைவியின் பூவையும் பொட்டையும் யாரும் தொடக் கூடாது. அதை மட்டும் அடிக்கோடிட்டு எழுதினேன்.

மூன்றாவது, உடல் தானம். அரசு மருத்துவக் கல்லூரியில் உடற்கூறியல் துறை என்று இருக்கிறது, படிவம் அங்கே கிடைக்கும். இரண்டு பிரதி. போட்டோ, ஆதார் நகல். சாட்சி இரண்டு பேர், அதில் ஒருவர் நெருங்கிய உறவாக இருக்க வேண்டும். ஆட்சேபணை இல்லை என்று அவர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பதிவு செய்தால் ஒரு அட்டை கொடுப்பார்கள். விபத்தில் போனால், பிரேதப் பரிசோதனை செய்திருந்தால், சில தொற்று நோய் இருந்தால் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். கண்ணை மட்டும் அதற்கு முன்னாலேயே எடுக்கக் கொடுக்கலாம், உயிர் போய் ஆறு மணி நேரத்துக்குள். இதையெல்லாம் நீங்கள் துறையில் ஒரு தடவை நேரில் கேட்டுக்கொள்ளுங்கள், கல்லூரிக்குக் கல்லூரி கொஞ்சம் மாறும்.

ஒன்று முக்கியம் சார். அந்த அட்டை சட்டையில் குத்திக்கொள்ளத்தான் உதவும். நாம் போன பிறகு உடம்பு நம்முடையது இல்லை. வீட்டார் முடியாது என்றால் கல்லூரி தலையிடாது. நாம் போட்ட கையெழுத்துக்கு ஒரு மதிப்பும் இல்லை. மாறாக, செத்தவர் பதிவே செய்யாமல் இருந்தாலும், வேண்டாம் என்று சொல்லிவைக்காமல் இருந்தால், வீட்டார் விருப்பப்பட்டுக் கொடுக்கலாம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நெருங்கிய உறவு என்ற இடத்தில் என் மனைவி கோமதி கையெழுத்துப் போட்டாள். மளமளவென்று போட்டாள். மாவு அரைத்துக்கொண்டிருந்தவள் கையைத் துடைத்துவிட்டு வந்து போட்டாள்.

"படிச்சுப் பார்த்துப் போடு" என்றேன்.

"நீங்க எழுதினதுல தப்பா இருக்கப்போகுது? எங்க போடணும், அதைக் காட்டுங்க. மாவு பொங்கிரும்."

"உனக்கும் ஒண்ணு வாங்கட்டுமா? ரெண்டு பேருக்கும் சேர்த்தே முடிச்சிரலாம்."

"முதல்ல உங்களது முடியட்டும்."

பிறகும் கேட்டேன். ஒவ்வொரு தடவையும் அதே பதில்தான். "உங்களுக்கு முன்னாடி போக எனக்கு என்ன அவசரம்?" என்று ஒரு நாள் சிரித்தாள். அதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லியிருப்பாளே? வாயில்லாதவள் இல்லை. காய்கறிக்காரனிடம் பேச விட்டால் அரை மணி நேரம் பேசுவாள். என்னிடம் வேண்டாம் என்று சொன்னதில்லை, அவ்வளவுதான்.

அவள்தான் முதலில் போனாள். மார்பு வலி என்றாள். இரண்டு நாள் மருத்துவமனையில் இருந்தாள். சாயங்காலம் நாலு மணிக்கு டாக்டர் வெளியே வந்து கண்ணாடியைக் கழற்றினார். புரிந்துவிட்டது. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை சார். அழுகை வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. மரணக் காரணச் சான்றிதழில் வயது சரியாக எழுதியிருக்கிறார்களா என்று பார்த்தேன். அதில் தப்பு விட்டால் பின்னால் அலைய வேண்டும். சரியாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு கேள்விகள். உங்களுக்கு அனுபவம் இருக்கும். ஐஸ் பெட்டி எத்தனை மணிக்கு? பந்தல் போடவா? பேப்பர்ல குடுக்கணுமா, எந்தப் பதிப்பு, சாயங்காலம் ஆறு மணிக்குள்ள சொல்லணுமாம். எரிக்கிறதா, புதைக்கிறதா? அவங்க வழக்கம் என்ன, உங்க வழக்கம் என்ன? கோடி யார் எடுத்துட்டு வர்றாங்க? சொம்பு யார் தூக்குறது? ஆளுக்கு ஒரு கேள்வி. எல்லாரும் என் முகத்தையே பார்க்கிறார்கள். கோமதிக்கு என்ன பிடிக்கும், என்ன வேண்டும் என்று நான் யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. முப்பது வருஷம் ஒரே வீடு. ஒன்றும் வரவில்லை.

பீரோவைத் திறந்து என் கோப்பை எடுத்தேன்.

நீங்கள் அப்படிப் பார்க்காதீர்கள். அந்த நேரத்தில் கையில் பதில் இருந்தது, அது மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. அதுவும் இதே மாதிரி நேரத்துக்கென்று எழுதி வைத்த பதில். அலுவலக நண்பர் குருநாதனிடம் கொடுத்தேன். "இதுல இருக்கிறபடி" என்றேன். எல்லோரும் நிம்மதியானார்கள். நிஜமாகவே. கேள்விகள் நின்றுவிட்டன.

இரங்கல் குறிப்பு என் கைபேசியிலேயே தட்டச்சு செய்து வைத்திருந்தேன். விளம்பர ஏஜெண்டுக்கு அனுப்பி, "பேரையும் படத்தையும் மாத்திக்கோங்க" என்று சொன்னேன். என் படத்துக்குப் பதில் கோமதி படம். அச்சுக்குப் போவதற்கு முன்னால் சரிபார்க்க வாட்ஸப்பில் திருப்பி அனுப்பினார்கள். பார்த்தேன். பேர் சரி, வயது சரி, படம் தெளிவு. "சரி" என்று அனுப்பினேன்.

மறுநாள் காலையில் பேப்பரில் வந்தது. நகராட்சியில் முப்பது ஆண்டுகள் நேர்மையுடன் பணியாற்றியவரும், வாசகர் வட்டச் செயலாளரும், பலமுறை ரத்த தானம் செய்தவருமான கோமதி காலமானார். ஊசி என்றாலே கண்ணை மூடிக்கொள்வாள் சார் அவள். எதிர்வீட்டு அம்மா பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு யாரிடமோ கேட்கிறார், "கோமதி வேலைக்குப் போனாளா? நம்மகிட்ட சொல்லவே இல்லையே, என்ன அடக்கம் பாரு."

மகள் தேன்மொழி பெங்களூரிலிருந்து விடியற்காலையில் வந்து சேர்ந்தாள். வந்ததிலிருந்து பெட்டிப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். கோமதியின் அண்ணன் செண்பகராஜ் பூனாவில் ஒரு தொழிற்சாலையில் இருக்கிறார். அவருக்குக் காலையில்தான் விமானம் கிடைத்தது. மதுரையில் இறங்கி, வண்டி பிடித்து வர மத்தியானம் ஆகும். போனில் பேசினார்.

"மாப்ள, ரெண்டு மணி வரைக்கும் வைங்க. கோடி எடுத்துட்டு வர்றேன். நான் வந்து அவ மொகத்தைப் பார்த்துட்டு எடுங்க."

"பத்து மணின்னு முடிவாயிருச்சு மச்சான்."

"யாரு முடிவு பண்ணது?"

எழுதியிருந்தது, அவ்வளவுதான். யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம் என்று எழுதியிருந்தது. தவிர, அவள் உடம்பைக் கொடுப்பதாகக் கல்லூரியில் பேசியாகிவிட்டது. காலையிலேயே கொண்டுவந்தால் நல்லது, தாமதம் ஆக ஆகப் பதப்படுத்துவது சிரமம் என்றார்கள். அதற்கும் மத்தியானத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று இப்போது தெரிகிறது. கேட்டிருந்தால் அவர்களே சொல்லியிருப்பார்கள். நான் கேட்கவில்லை.

கல்லூரியில், கொடுப்பவர் என்ற இடத்தில் என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். இன்னொரு நெருங்கிய உறவும் போட வேண்டும் என்றார்கள். நான் தாளைத் தேன்மொழியிடம் நீட்டினேன். "இங்க" என்று காட்டினேன். போட்டாள். பெற்றுக்கொண்டதற்கு ஒரு சான்று கொடுத்தார்கள். சுடுகாட்டு ரசீதுக்குப் பதில் அதை வைத்து இறப்பைப் பதிவு செய்யலாம். அதை நானே என் பிரிவில் பதிந்தேன். என் கையாலேயே அவள் பெயரை ஏற்றினேன். அன்றைக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

பத்தரை மணிக்கெல்லாம் வீட்டைக் கழுவிவிட்டார்கள். குருநாதன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "சார், இவ்வளவு சீரா நடந்து நான் பார்த்ததில்லை" என்றார். எனக்கு அதில் ஒரு திருப்தி வந்தது. பொய் சொல்லவில்லை, வந்தது.

செண்பகராஜ் ஒன்றே முக்காலுக்கு வந்தார். கையில் ஒரு துணிக்கடைப் பை. வாசலில் நின்று உள்ளே பார்த்தார். பெட்டி இருந்த இடத்தில் ஈரம் காய்ந்துகொண்டிருந்தது.

"எங்க மாப்ள?"

சொன்னேன். சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். போடவில்லை. வந்த வண்டியிலேயே ஏறி கல்லூரிக்குப் போனார். தேன்மொழியும் கூட ஓடினாள். அங்கே நல்லபடியாகத்தான் பேசியிருக்கிறார்கள். ஒரு பெண் டாக்டர் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்து, வேலை ஆரம்பித்துவிட்டது, இப்போது பார்க்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். இவர் பையை நீட்டி, "பார்க்கலைம்மா. இதை மட்டும் அவ மேல போட்டுருங்க. பொறந்த வீட்டுச் சேலை" என்றிருக்கிறார். அந்த அம்மா, "இங்க துணி எதுவும் வைக்கிறதில்லைங்க" என்று சொல்லியிருக்கிறார்.

இதைத் தேன்மொழி எனக்கு அன்றைக்குச் சொல்லவில்லை. பல மாதம் கழித்துச் சொன்னாள். சேலையைச் செண்பகராஜ் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டார். என்னிடம் அதற்குப் பிறகு பேசவில்லை.

இப்போது கையெழுத்துக்கு வருகிறேன். கோமதி போனதால் என் படிவத்தில் உறவு சாட்சி என்ற இடத்தில் இருக்கிறவர் இல்லாமல் போய்விட்டார். துறையில் கேட்டேன். கட்டாயம் இல்லை, ஆனால் நாளைக்கு உடம்பை ஒப்படைக்கப் போகிறவர் யாரோ அவர் பெயரில் புதுப்பித்துக்கொள்வது நல்லது என்றார்கள். எனக்கு இருப்பது ஒரே மகள். படிவத்தைத் தபாலில் அனுப்பினேன். பெருக்கல் குறி போட்டு, இங்கே என்று எழுதி அனுப்பினேன். வரவில்லை. போன் செய்தேன்.

"போட மாட்டேன்ப்பா."

"ஏம்மா?"

"அன்னைக்கு நீ நீட்டினே, நான் போட்டேன். என்ன தாள்னே படிக்கலை. அம்மாவைக் குடுத்தது நீ மட்டும் இல்ல, நானும்தான். தெரியுமா உனக்கு? இன்னொரு தடவை என் கையால அது நடக்காது."

"இது என் விருப்பம் தேனு. உனக்குக் கஷ்டம் வரக் கூடாதுன்னுதான்..."

"எனக்குக் கஷ்டம் வரட்டும்ப்பா. உன்னை வச்சுக்கிட்டு ரெண்டு நாள் உட்கார்ந்திருப்பேன். சங்கு ஊதுவேன். எல்லாருக்கும் காத்திருப்பேன். அப்ப நீ என்ன பண்ணுவே?"

என்ன செய்ய முடியும்? ஒன்றும் செய்ய முடியாது. சட்டம் அவள் பக்கம். நான் பகுத்தறிவு பேசினேன். மாணவர்களுக்கு உடம்பு கிடைப்பதில்லை, படிப்பு கெடுகிறது என்று புள்ளிவிவரம் சொன்னேன். பெங்களூரில் எதையோ வதக்கிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். கரண்டி சத்தம் கேட்டது. மாதத்துக்கு ஒரு தடவையாவது இந்தப் பேச்சு வரும், நானும் விடவில்லை. என் கோப்பில் மற்ற எல்லாம் சரியாக இருந்தது சார். அந்த ஒரு இடம்தான் காலி. தூங்கப் போகிற வரைக்கும் அதுவே மனசில் ஓடும்.

வருஷம் திரும்புகிற சமயம் அவளே போன் செய்தாள்.

"அம்மாவுக்கு நினைவஞ்சலி போடணும். போன வருஷம் பேப்பர்ல வந்தது உன் வாழ்க்கை வரலாறு. இந்தத் தடவை அம்மாவைப் பத்தி எழுது. பத்து வரி. உன் மனைவி, என் அம்மான்னு எங்கயும் வரக் கூடாது. அவ பேர்ல அவளைப் பத்தி. எழுதினா கையெழுத்துப் போடறேன்."

பத்து வரிதானே. உட்கார்ந்தேன். பிறந்த தேதி எழுதினேன். ஊர் எழுதினேன். நல்ல சமையல் என்று எழுதி அடித்தேன். அன்பானவர் என்று எழுதினேன், அது யாருக்கும் போடுவது. ஒரு வாரம் உட்கார்ந்தேன். என்னுடையதை நான் ஒரே மூச்சில் எழுதினேன் சார்.

கடைசியில் செண்பகராஜுக்குப் போன் செய்தேன். எடுக்க மாட்டார் என்று நினைத்தேன். எடுத்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"எழுதிக்கோங்க மாப்ள" என்றார்.

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். கோ-கோ ஆட்டத்தில் மாவட்ட அணிக்கு விளையாடியிருக்கிறாள். ஊர்க் கிணற்றில் முதலில் குதித்த பெண் பிள்ளை அவள்தானாம். அண்ணன் பத்தாவதில் கணக்கில் தோற்றுப்போய் வீட்டை விட்டு ஓடப் பார்த்தபோது, அவரைவிட ஒரு வயது சின்னவள், பிடித்து உட்கார வைத்துக் கணக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். "அவ இல்லேன்னா நான் பூனா பார்த்திருக்க மாட்டேன்" என்றார். பிறகு, "அவளுக்குக் குளிர் ஆகாது மாப்ள, சின்னதுலேருந்தே" என்று சொல்லிவிட்டு, "அதை எழுதாதீங்க, சும்மா சொன்னேன்" என்றார்.

பத்து வரி வந்துவிட்டது. தேன்மொழிக்குப் படித்துக் காட்டினேன்.

"இதெல்லாம் மாமா சொன்னது. நீ என்ன சொல்ற?" என்றாள்.

அப்போதுதான் சார் என் வாயிலிருந்து வந்தது. நான் யோசித்து வைத்துச் சொல்லவில்லை. "என்னையும் அங்கேயே அனுப்பிரு தேனு" என்றேன். "அந்தக் கட்டடத்துல அவளுக்குத் தெரிஞ்சவங்க யாரும் இல்ல. நானாவது போய் இருக்கேன். மாணவர்களுக்காக, படிப்புக்காகன்னு சொன்னதெல்லாம் இருக்கட்டும். இதுக்குத்தான் கேக்கறேன்."

அழுவாளோ என்று நினைத்தேன். அழவில்லை. குரல் ரொம்ப மெதுவாக, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது மாதிரி இருந்தது.

"அப்பா, நான் போன மாசம் அங்க போய்க் கேட்டேன். ரெண்டு வருஷம், மூணு வருஷம் வச்சிருப்பாங்க. படிப்பு முடிஞ்சதும் மிச்சத்தை அவங்களே அடக்கம் பண்ணிருவாங்க, நம்மகிட்ட தர மாட்டாங்க. உனக்கு இப்ப அம்பத்தெட்டு. நீ போறப்ப அம்மா அங்க இருக்க மாட்டாப்பா."

நான் அந்தத் துறையில் எத்தனை தடவை போய் எத்தனை கேள்வி கேட்டிருக்கிறேன். போட்டோ எந்த அளவு, நகலில் யார் கையெழுத்து, மாலை ஐந்து மணிக்கு மேல் யாரிடம் பேச வேண்டும், எல்லாம் கேட்டேன். பிறகு என்ன செய்வீர்கள் என்று மட்டும் கேட்கவில்லை.

விளம்பரம் வந்தது. பத்து வரியும் வந்தது. எதிர்வீட்டு அம்மா கத்தரித்து வைத்திருக்கிறார். செண்பகராஜ் பூனாவிலிருந்து பேசி, விளம்பரத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார், அனுப்பினேன்.

அடுத்த வாரம் தபாலில் படிவம் வந்தது. இரண்டு பிரதியிலும் தேன்மொழி கையெழுத்துப் போட்டிருந்தாள். ஒவ்வொரு பக்கத்தின் ஓரத்திலும் சின்னதாகப் போட்டிருந்தாள், படித்தேன் என்று காட்ட. கூடக் கடிதம் எதுவும் இல்லை.

அதோ, அந்த மேஜை மேல்தான் இருக்கிறது. கல்லூரி ஒரே பஸ், பத்து நிமிஷம். கொண்டுபோய்க் கொடுத்தால் புது அட்டை கொடுத்துவிடுவார்கள். மூன்று மாதம் ஆகிறது. காலையில் சட்டை போட்டுக்கொண்டு, படிவத்தை உறையில் வைத்துக்கொண்டு, பஸ் நிறுத்தம் வரைக்கும் போகிறேன். பஸ் வருகிறது, நிற்கிறது, போகிறது. கண்டக்டர் இப்போதெல்லாம் என்னைக் கேட்பதே இல்லை.